ஒரே குழாயில் இரண்டு சொட்டுகள்: குளிர்நீர்க் குழாயின் பனிநிலைக் கணக்கு

ஃபால்ஸ் சீலிங் பலகைகளில் இரண்டு இடங்களில் பழுப்பு வட்டங்கள் விழுந்திருந்தன. இரண்டுக்கும் நேர் மேலே சில்லரில் இருந்து வரும் ஒரே குளிர்நீர்க் குழாய்தான் ஓடுகிறது. பராமரிப்பைப் பார்த்துக்கொள்பவர் முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சார், குழாய் லீக். இன்சுலேஷனைப் பிரிச்சு வெல்டிங் பாயின்ட்டைத் தேடிடலாம்." பிரித்துத் தேடியிருந்தால் கசிவு எதுவும் கிடைத்திருக்காது. நல்ல நிலையில் இருந்த இன்சுலேஷனும் போயிருக்கும்.

முதலில் குழாயைப் பற்றி. அது 50 மி.மீ. என்று பெயரளவில் சொல்லப்படும் இரும்புக் குழாய். வெளிவிட்டம் 60.3 மி.மீ. உள்ளே 7 டிகிரி செல்சியஸில் தண்ணீர் போகிறது. பக்கத்திலேயே திரும்பி வரும் குழாய், அதில் 12 டிகிரி. இரண்டுக்கும் 19 மி.மீ. கனமுள்ள கறுப்பு நைட்ரைல் ரப்பர் இன்சுலேஷன் போட்டிருந்தார்கள். வடிவமைப்புக் குறிப்பில் சுற்றுப்புறம் 32 டிகிரி, ஈரப்பதம் 80% என்று எழுதியிருந்தது. இரண்டு கறைகளில் ஒன்றுக்கு மேலே மட்டும் ரப்பரின் மேல் பளபளப்பான அலுமினிய ஃபாயில் சுற்றியிருந்தது. முன்பு ஒருமுறை லேசாக ஈரம் தெரிந்தபோது, அதைத் தடுப்பதற்காக யாரோ சுற்றிய ஃபாயில் அது.

கசிவா, வியர்வையா

இதைத் தீர்த்துக்கொள்ளாமல் கணக்கில் இறங்குவதில் பொருளில்லை. குழாயின் அடிப்பக்கத்தில் தொங்கிய சொட்டுகளைச் சீலிங்கில் விழுவதற்கு முன்பே ஒரு சுத்தமான குப்பியில் பிடித்து, தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் சிறிய டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தோம். சில்லர் வலையமைப்பில் சுற்றும் தண்ணீரில் துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் கலந்திருக்கும், எனவே அதன் அளவு உயர்ந்து நிற்கும். காற்றில் இருந்து படிந்த நீர் ஏறத்தாழ வாலைவடிநீர் போன்றது. மீட்டர் மிகக் குறைந்த எண்ணையே காட்டியது. சீலிங்கில் தேங்கிய நீரை எடுத்து அளந்திருந்தால் தூசியும் சுண்ணாம்பும் கலந்து ஏமாற்றியிருக்கும். அதனால்தான் சொட்டைக் குழாயிலேயே பிடிக்க வேண்டும்.

இன்னொரு சான்று திரும்புகுழாயில் கிடைத்தது. முதல் கறைக்கு மேலே, 7 டிகிரிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்த அதே இடத்தில், 12 டிகிரிக் குழாயின் மேல் மெல்லிய ஈரப்படலம் மட்டும் இருந்தது. சொட்டு இல்லை. கசிவு வெப்பநிலையைப் பார்த்து வருவதில்லை. வியர்வைதான் அப்படி வரும்.

அளந்தவை

சீலிங்குக்கு மேலே உள்ள இடைவெளியில், குழாயில் இருந்து ஒரு சாண் தள்ளி, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிவுசெய்யும் கருவிகளைச் சில நாட்கள் தொங்கவிட்டோம். ஆட்கள் நடமாடும் கீழ்ப்பகுதியில் ஈரப்பதம் எவ்வளவு என்பது இங்கே உதவாது. குழாய் சுவாசிக்கும் காற்று மேலே இருக்கிறது.

முதல் கறையின் மேலே, விடியற்காலை நேரங்களில், 32 டிகிரியும் 85 சதவீதமும். இரண்டாவது கறையின் மேலே, அதாவது ஃபாயில் சுற்றிய பகுதியில், 32 டிகிரி, 80 சதவீதம். அது வடிவமைப்பில் எழுதியிருந்த அதே நிலை. ஆனால் அதிகமாகச் சொட்டியது இந்த இரண்டாவது இடம்தான்.

காற்று குறைவாக ஈரமாக இருக்கும் இடத்தில் அதிக நீர் படிவது எப்படி? இந்த முரண்பாடுதான் இந்த நிகழ்வை எழுதவைத்தது.

பனிநிலை

ஈரமான காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஒரு வெப்பநிலையில் அது தாங்கிய நீராவி தெவிட்டிப்போகும். அதற்கும் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். அந்த எல்லைதான் பனிநிலை. அட்டவணையிலும் பார்க்கலாம், கீழ்க்காணும் வாய்பாட்டிலும் போடலாம். T என்பது காற்றின் வெப்பநிலை, RH என்பது ஈரப்பத சதவீதம்.

```
g  = ln(RH/100) + 17.62*T/(243.12 + T)
Td = 243.12*g/(17.62 - g)
```

32 டிகிரியில் 80% என்றால் பனிநிலை 28.1 டிகிரி. 85% என்றால் 29.2. 90% என்றால் 30.2. ஈரப்பதம் ஐந்து சதவீதம் ஏறினால் பனிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரிதான் ஏறுகிறது. பார்வைக்குச் சிறிய எண். அந்த ஒரு டிகிரி இன்சுலேஷனின் கனத்தில் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

கனத்தின் கணக்கு

இன்சுலேஷனின் வெளிப்பரப்பு இரண்டு இழுப்புகளுக்கு நடுவே நிற்கிறது. உள்ளிருந்து 7 டிகிரித் தண்ணீர் அதைக் குளிர்விக்கிறது, வெளியிலிருந்து 32 டிகிரிக் காற்றும் சுற்றியுள்ள சுவர்களும் சூடேற்றுகின்றன. நிலையான நிலையில், வெளியிலிருந்து பரப்புக்கு வரும் வெப்பமும் ரப்பருக்குள் நுழைந்து தண்ணீருக்குப் போகும் வெப்பமும் சமம். உருளை வடிவத்துக்கு அந்தச் சமன்பாட்டைத் தீர்த்தால் கிடைப்பது இது:

```
r2·ln(r2/r1) = (k/h)·(Ts − Tw)/(Ta − Ts)
```

r1 குழாயின் வெளி ஆரம், இங்கே 30.15 மி.மீ. r2 இன்சுலேஷனின் வெளி ஆரம். k ரப்பரின் வெப்பக் கடத்துதிறன். நல்ல நைட்ரைல் ரப்பருக்கு மீட்டர்-கெல்வினுக்கு 0.037 வாட் என்று எடுத்துக்கொண்டேன். h என்பது வெளிப்பரப்பு சுற்றுப்புறத்திடமிருந்து வெப்பத்தை வாங்கும் கெழு. Ts பரப்பு, Tw தண்ணீர், Ta காற்று ஆகியவற்றின் வெப்பநிலைகள். தண்ணீருக்கும் இரும்புச் சுவருக்கும் உள்ள தடை மிகச் சிறியது, அதை விட்டுவிடலாம்.

இதில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது h. அசையாத காற்றில் இந்த அளவுக் குழாய்க்கு அது இரண்டு வழிகளில் வருகிறது. காற்றின் இயல்பான சலனத்தால் சதுர மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 3 வாட். சுற்றியுள்ள சுவர், தளம், பலகை ஆகியவற்றில் இருந்து வரும் கதிர்வீச்சால் ஏறத்தாழ 5.5 வாட். இரண்டும் சேர்ந்து 8.5. கறுப்பு ரப்பரின் பரப்பு பெரும்பங்கு வெப்பத்தைக் காற்றிடமிருந்து வாங்குவதில்லை, கதிர்வீச்சாக வாங்குகிறது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் ஃபாயிலின் கதை தானாகப் புரியும்.

வடிவமைப்பு நிலையை முதலில் சரிபார்ப்போம். பரப்பு 28.1 டிகிரியில் நிற்க வேண்டும் என்றால் தண்ணீருக்கு மேலே 21.1 டிகிரி, காற்றுக்குக் கீழே 3.9 டிகிரி. இவற்றின் விகிதம் 5.43. k/h என்பது 4.35 மி.மீ. வலப்பக்கம் 23.64 மி.மீ. ஆகிறது. r2-க்கு எண்களைப் போட்டுப் பார்த்தால் 48.9 மி.மீ. பொருந்துகிறது. அதாவது கனம் 18.75 மி.மீ. ஆக, 19 மி.மீ. போட்டவர் தவறாகப் போடவில்லை. அவர் எழுதிய நிலைக்கு அது மிகச் சரியாகப் போதும். ஆனால் மிஞ்சும் இடைவெளி வெறும் 0.05 டிகிரி. இதைப் பாதுகாப்பு இடைவெளி என்றே சொல்ல முடியாது.

இப்போது முதல் கறை. ஈரப்பதம் 85%. அதே 19 மி.மீ. ரப்பரின் பரப்பு 28.2 டிகிரியில் இருக்கும், பனிநிலையோ 29.2. ஒரு டிகிரி கீழே. சொட்டாமல் என்ன செய்யும்? திரும்புகுழாயின் பரப்பு கணக்கின்படி 28.9 டிகிரி. பனிநிலைக்குக் கால் டிகிரி கீழே. ஈரப்படலம் மட்டும் இருந்ததற்கு இதுவே விளக்கம். கணக்கும் கண்ணால் பார்த்ததும் இவ்வளவு நெருக்கமாக வந்து நிற்கும்போது, காரணத்தைப் பிடித்துவிட்டோம் என்ற தைரியம் வருகிறது.

85 சதவீதத்துக்கு எவ்வளவு கனம் வேண்டும்? காற்றுக்கும் பரப்புக்கும் இடையில் இப்போது அனுமதிக்கப்படுவது 2.8 டிகிரி மட்டுமே. விகிதம் 7.8 ஆக ஏறுகிறது, கனம் 25.4 மி.மீ. என்று வருகிறது. சந்தையில் கிடைக்கும் 25 மி.மீ. நூலிழையில் தவறுகிறது. 90 சதவீதத்துக்கு 37 மி.மீ. 95 சதவீதத்துக்கு 65 மி.மீ.க்கு மேல். பனிநிலை ஒவ்வொரு டிகிரியாக ஏற, கனமோ 19, 25, 37, 68 என்று தாவுகிறது. சமன்பாட்டில் வகுக்கும் இடத்தில் நிற்கும் (Ta − Ts) சுருங்கிச் சுழியை நெருங்குவதே காரணம். அதனால்தான் "50 மி.மீ. குழாய்க்கு இவ்வளவு கனம்" என்று காற்றைக் கேட்காமல் சொல்லப்படும் எந்த அட்டவணையையும் நான் நம்புவதில்லை. குழாயின் விட்டமும் தண்ணீரின் வெப்பநிலையும் கனத்தை மெல்லத்தான் மாற்றுகின்றன. ஈரப்பதம் அதைப் பிடித்து உலுக்குகிறது.

இதற்கு ஒரு துணைவிளைவு உண்டு. சாதாரணக் கையடக்க ஈரப்பதமானிகள் இரண்டு மூன்று சதவீதம் பிசகுவது இயல்பு. 85 என்று காட்டும்போது உண்மை 88 ஆக இருந்தால், வேண்டிய கனம் 25-இல் இருந்து 32 மி.மீ.க்குப் போய்விடுகிறது. கருவியின் பிசகே இன்சுலேஷனின் ஒரு அளவுக்குச் சமம். எனவே ஒரே கருவியின் சொல்லை நம்பாமல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

ஃபாயில் செய்த வேலை

இரண்டாவது கறைக்கு வருவோம். அலுமினிய ஃபாயில் கதிர்வீச்சைத் திருப்பியடிக்கும். அடுப்பில் இருந்து வரும் வெப்பத்தைத் தடுக்க வேண்டிய இடத்தில் அது நல்ல குணம். ஆனால் இங்கே பரப்பைச் சூடாக வைத்திருப்பதே சுவர்களில் இருந்து வரும் கதிர்வீச்சுதான். ஃபாயில் சுற்றியவுடன் அந்த 5.5 வாட் அரை வாட் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பரப்பு குளிர்வதால் காற்றின் சலனம் சற்றுக் கூடும். எல்லாம் சேர்த்து h-ஐ 4 என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதே 19 மி.மீ., அதே தண்ணீர், அதே காற்று. h மட்டும் 8.5-இல் இருந்து 4. கணக்கைத் திரும்பப் போட்டால் பரப்பின் வெப்பநிலை 28.2-இல் இருந்து 25 டிகிரிக்கு இறங்குகிறது. 80 சதவீதத்தின் பனிநிலை 28.1. மூன்று டிகிரி கீழே! முதல் கறை ஒரு டிகிரிதான் கீழே இருந்தது. காற்று உலர்வாக இருந்தும் அதிகமாகச் சொட்டியதன் காரணம் இதுதான். ஈரத்தைத் தடுக்கச் சுற்றியதே ஈரத்தை வரவழைத்திருக்கிறது. ஃபாயிலை வைத்துக்கொண்டே 85 சதவீதத்தைத் தாங்க வேண்டும் என்றால் 47 மி.மீ. வேண்டும். கறுப்புப் பரப்புக்கு 25.4 போதுமாக இருந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிப்புறக் குழாய்களுக்கு உலோக உறை தவிர்க்க முடியாதது, அங்கே அந்தக் கூடுதல் கனத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். சீலிங்குக்குள் அதற்குத் தேவையே இல்லை.

ஃபாயில் இன்னொரு வகையிலும் ஏமாற்றியது. அகச்சிவப்பு வெப்பமானியை அதன் மேல் காட்டியபோது 31 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தது. பரப்பு சூடாகத்தான் இருக்கிறது என்று அங்கேயே முடிவுகட்டியிருக்கலாம். உண்மையில் அந்தக் கருவி பார்த்தது ஃபாயிலில் பிரதிபலித்த மேல்தளத்தை. ஒரு துண்டுக் கறுப்பு மின்டேப்பை ஃபாயிலில் அழுத்தி ஒட்டிச் சற்றுநேரம் கழித்து அந்த டேப்பைக் குறிவைத்தால் எண் சட்டென்று இறங்கியது. தொட்டு அளக்கும் தெர்மோகப்பிளும் அதையே உறுதிசெய்தது. கிடைத்த எண் 25-க்குச் சற்று மேலேதான் இருந்தது, அதில் வியப்பில்லை. நீர் படியும்போது உள்ளுறை வெப்பத்தை விடுகிறது, ஈரமான பரப்பு கதிர்வீச்சையும் நன்றாக வாங்குகிறது. ஆகவே நனைந்த பரப்பின் வெப்பநிலையை வைத்து, உலர்ந்த பரப்புக்குப் போட்ட கணக்கைத் தவறென்று சொல்லிவிடக் கூடாது.

பிரித்தபோது தெரிந்தது

முதல் கறையின் இடத்தில் ஈரப்பதம் ஏன் 85? அங்கே கழிவறைகளின் எக்சாஸ்ட் குழல் ஒன்று குறுக்கே போகிறது. அதன் இணைப்பு விலகி, ஈரக்காற்று நேராக இந்த இடைவெளிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அதை மூடியது இந்த வேலையிலேயே மலிவான பகுதி.

அதே இடத்தில் ரப்பரின் முனைகள் சந்திக்கும் ஒரு மூட்டில் பசை விட்டுப்போயிருந்தது. வெட்டிப் பார்த்தால் கீழ்ப்பாதி கனத்துத் தொங்கியது, அழுத்தினால் நீர் வந்தது. 32 டிகிரி, 80% காற்றில் நீராவியின் அழுத்தம் 3.8 கிலோபாஸ்கல். 7 டிகிரிக் குழாயின் மேல் அது 1 கிலோபாஸ்கல்தான். இந்த வித்தியாசம் நீராவியை இரவும் பகலும் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூடிய நுண்ணறைகள் கொண்ட நைட்ரைல் ரப்பர் அதைப் பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் மூட்டில் திறந்த ஒரு பிளவு போதும், நீராவி நேரே இரும்பைத் தொட்டு நீராகி அங்கேயே தங்கும். நீரின் கடத்துதிறன் 0.6, ரப்பருடையதைப் போலப் பதினாறு மடங்கு. ஈரத்தால் ரப்பரின் k 0.05 வரை ஏறினாலே 19 மி.மீ.யின் பரப்பு 28.2-இல் இருந்து 27.1 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்புறம் நல்ல காற்றிலும் அந்த இடம் வியர்க்கும், மேலும் நனையும்.

அதனால்தான் நனைந்த இன்சுலேஷனின் மேல் புது அடுக்குச் சுற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழியே இருக்காது. இரும்பு துருப்பிடிக்கும், கண்ணுக்கும் தெரியாது.

செய்தது

நனைந்த பகுதியை இரண்டு பக்கமும் உலர்ந்த ரப்பர் வரும்வரை வெட்டி எடுத்தோம். குழாயை நிறுத்தி உலர்த்தி, துருவைச் சுரண்டி, பூச்சுப் பூசி, 32 மி.மீ. போட்டோம். ஃபாயில் முழுவதையும் உரித்தோம். உலர்வாக இருந்த மற்ற நீளத்தில் பழைய 19 மி.மீ.யை விட்டுவிட்டு அதன் மேல் 13 மி.மீ. தகடு ஒட்டினோம், உள்மூட்டும் வெளிமூட்டும் ஒரே இடத்தில் வராதபடி தள்ளித்தள்ளி.

ஏன் 32? எக்சாஸ்டை மூடியபின் ஈரப்பதம் 80-க்குத் திரும்பும், 19 போதும் என்று வாதிடலாம். ஆனால் 0.05 டிகிரி இடைவெளியை நம்பி ஒரு சீலிங்கை விட முடியாது. 25 மி.மீ. 85 சதவீதத்தில் மயிரிழையில் தோற்கிறது. 32 மி.மீ.யின் பரப்பு 29.8 டிகிரி. 85 சதவீதத்தில் பனிநிலைக்கு 0.6 டிகிரி மேலே, 88% வரை தாங்கும். 40 மி.மீ. போட்டால் 90 சதவீதமும் தாங்கும்தான், ஆனால் பக்கத்துக் குழாய்க்கும் இதற்கும் இடையில் காற்று நுழைய இடமிருக்காது. காற்று தேங்கினால் h குறையும், கூட்டிய கனத்தின் பலனை அது தின்றுவிடும்.

தொங்குகம்பிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. சில இடங்களில் இரும்புக் கிளாம்ப் நேரடியாகக் குழாயைப் பிடித்து, இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. அந்தக் கம்பியின் மேல் எந்தக் கனமும் உதவாது, குளிர் உலோகம் வழியே வெளியே வந்துவிடும். குழாய்க்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் கெட்டியான இன்சுலேஷன் கட்டை வைத்து, ரப்பரை அதன் இரண்டு பக்கத்திலும் ஒட்டி முடித்தோம்.

எதிர்பாராத தடை சுவர்த் துளையில் வந்தது. 19 மி.மீ. ரப்பரோடு குழாயின் விட்டம் 98 மி.மீ., துளையின் ஸ்லீவ் 100 மி.மீ. 32 மி.மீ. போட்டால் விட்டம் 124. நுழையாது. ரப்பரை நசுக்கித் திணித்துவிடலாம் என்ற யோசனை வந்தது. நசுங்கிய இடத்தில் கனம் போய்விடும், வியர்வை சுவருக்குள் யாருக்கும் தெரியாமல் ஊறும். எனவே துளையை அகலப்படுத்தி 150 மி.மீ. ஸ்லீவ் வைத்து, மிஞ்சிய வளைய இடைவெளியைத் தீத்தடுப்புப் பொருளால் அடைத்தோம். வேலையில் அதிக நேரம் பிடித்தது இதுதான்.

பதிவுக்கருவிகளை அங்கேயே விட்டிருந்தோம். அதன் பிறகு வந்த ஈரமான நாட்களில் இடைவெளியின் ஈரப்பதம் பெரும்பாலும் 80-ஐ ஒட்டியே இருந்தது, உச்சம் 84. அந்த உச்சத்தின் பனிநிலை 28.95 டிகிரி, கணக்கின்படி பரப்பு அதற்கு 0.8 டிகிரி மேலே. அடிப்பக்கத்தில் டிஷ்யூ தாளை ஓட்டிப் பார்த்தபோது குழாயின் நீளம் முழுக்க உலர்வாகவே இருந்தது, ஒரு வால்வின் கைப்பிடித் தண்டைத் தவிர. அந்தத் தண்டு உலோகம், இன்சுலேஷனுக்கு வெளியே நீள்கிறது. அதற்கு நீட்டுத்தண்டு உள்ள வால்வு கேட்டிருக்கிறோம். அது வரும்வரை கீழே ஒரு சிறிய வடிதட்டு தொங்குகிறது.